கண்ணாடியைத் தாண்டாத வெயில்

இன்னும் கட்டி முடிக்காத ஒரு கூடத்தை, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவதற்கு ரெண்டர் என்று பெயர். கட்டட வடிவமைப்பாளர்களும் சினிமாவுக்கு செட் போடுகிறவர்களும் தினமும் செய்கிற வேலை. சுவர், தரை, நாற்காலி, திரைச்சீலை என எல்லாம் இன்று ஓரளவு சுலபமாக வந்துவிடுகின்றன. ஆனால் ஜன்னலில் வண்ணக்கண்ணாடி வைத்து, வெளியே ஒரு சூரியனையும் வைத்து, நிறங்கள் தரையில் விழட்டும் என்று காத்திருந்தால் முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ஜன்னல் ஜொலிக்கும். தரை இருட்டாகக் கிடக்கும். அதில் அங்கங்கே கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெறித்திருக்கும்.

இது மென்பொருளின் பிழை அல்ல. வெளிச்சத்தை அது கணக்கிடும் முறையிலேயே காரணம் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் உள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1986இல் ஜேம்ஸ் கஜியா வகுத்துக்கொடுத்த பாதை வேறு பல மென்பொருள்களைப் போல இதற்கும் அடிப்படை. இயற்கையில் வெளிச்சம் சூரியனில் புறப்பட்டு, பொருள்களில் பட்டு, கண்ணுக்கு வருகிறது. இந்த முறையிலோ கணக்கு தலைகீழாக நடக்கும். கேமராவிலிருந்து ஒரு கதிர் கிளம்பும்; தரையில் ஒரு புள்ளியைத் தொடும்; அங்கிருந்து சூரியனை நோக்கி ஒரு சோதனைக் கதிரை அனுப்பி, நடுவே ஏதாவது மறிக்கிறதா என்று பார்க்கும். மறிக்கவில்லை என்றால் அந்தப் புள்ளிக்கு வெயில் உண்டு. மறித்தால் நிழல்.

சோதனைக் கதிர் நேர்கோட்டில்தான் போகும். கண்ணாடியோ வெளிச்சத்தை வளைக்கும் பொருள். எங்கே எவ்வளவு வளைந்தால் சூரியனைப் போய்ச் சேரலாம் என்பது சோதனைக் கதிருக்குத் தெரியாது. அதனால் கண்ணாடியையும் ஒரு சுவராகவே கணக்கில் வைத்து, இங்கே நிழல் என்று எழுதிவிடுகிறது.

மிச்சமிருப்பது ஒரே வழி, அதிர்ஷ்டம். தரையில் பட்ட கதிர் ஏதோ ஒரு திசையில் சிதறி, தற்செயலாகக் கண்ணாடியைத் தொட்டு, வளைந்து வெளியேறி, சூரியனின் வட்டத்துக்குள் போய் விழ வேண்டும். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சூரியன் 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, தரையில் இருந்து சிதறும் கதிர்களில் ஏறத்தாழ 90,000க்கு ஒன்றுதான் அதைத் தொடும். பிளெண்டரில் ஒரு புள்ளிக்கு 4,096 கதிர்கள் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் இருபத்திச் சொச்சம் புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஒரே ஒரு முறை சூரியன் அகப்படும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கும் சேர வேண்டிய வெளிச்சம் முழுவதும் அந்த ஒன்றின் தலையில் விழுவதால் அது வெள்ளையாக எரிகிறது. முதலில் சொன்ன தெறிப்புகள் இவைதாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இவற்றை மின்மினி என்ற பொருளில் ஃபயர்ஃபிளை என்கிறார்கள். இவற்றை அடக்குவதற்கென்று Clamp Indirect என்று ஓர் அளவு இருக்கிறது. அது மின்மினிகளை வெட்டும்போது, தரைக்கு வந்து சேர்ந்த கொஞ்சநஞ்ச நிறத்தையும் சேர்த்தே வெட்டிவிடும்.

அதனால் எல்லோரும் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரே கண்ணாடிக்கு இரண்டு குணங்கள் கொடுப்பது. கேமரா பார்க்கும்போது அது கண்ணாடி, பளபளக்கும், வளைக்கும். சோதனைக் கதிர் வரும்போது அது வெறும் நிறத்தாள். வளைக்காமல், நிறத்தை மட்டும் பூசி, கதிரை நேராக அனுப்பிவிடும். பிளெண்டரில் Glass BSDF, Transparent BSDF இரண்டையும் ஒரு Mix Shaderஇல் கொடுத்து, எது எப்போது என்பதை Light Path கணுவின் Is Shadow Ray தீர்மானிக்கும்படி இணைத்தால் போதும். ஜன்னலின் வண்ணப்படம் இரண்டுக்கும் பொது. அடுத்த ரெண்டரிலேயே தரையில் நிறங்கள் விழுந்துவிடும்.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். வெயில் வந்திருக்கும், ஆனால் அறை மட்டும் குகைபோல இருக்கும். ஜன்னல் வழியே வருவது சூரியன் மட்டும் இல்லையே, வானத்தின் வெளிச்சமும் வர வேண்டும். மின்மினிக்குப் பயந்து Refractive Caustics என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால், சிதறிய கதிர்கள் கண்ணாடி வழியே வானத்தைப் பார்ப்பதும் நின்றுபோகும். Is Diffuse Ray என்பதையும் அதே தந்திரத்தில் சேர்த்துக்கொண்டால்தான் அறை மூச்சுவிடும்.

இனி, விழுந்த நிறம் சரியான நிறம்தானா என்பது. ஜன்னல் கண்ணாடியைத் தடிமனோடு வரைந்திருந்தால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பரப்புகள். கதிர் இரண்டையும் கடக்கும்போது நிறம் இரண்டு முறை பூசப்படும். நீலத்தில் பாதியை விடும் கண்ணாடி, கால்பங்கைத்தான் விடும். மற்ற நிறங்களில் பத்தில் ஒரு பங்கை விட்டது, நூற்றில் ஒரு பங்கை விடும். தரையில் விழுவது வண்ணப்படத்தில் உள்ளதைவிட இருண்டு, இயற்கைக்கு மீறிய கடும் நீலமாகிவிடும். கண்ணாடியைத் தடிமன் இல்லாத ஒற்றைத் தகடாக வரைவதே இதற்கு எளிய தீர்வு.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு படம் பொய்யாகத் தெரிவதுண்டு. பெரும்பாலும் அந்தப் பொய் ஈயப்பட்டைகளில் இருக்கும். வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய கறுப்புக் கோடுகள்தாம் அவை. தரையிலும் அவை மை போட்டு வரைந்ததுபோல அப்படியே விழுந்திருந்தால் அந்தப் படத்தை நான் நம்பமாட்டேன்.

ஒரு கூடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர், மேல்விளிம்பு 3 மீட்டர். எதிர்ச்சுவர் 4 மீட்டர் தள்ளி. சூரியன் ஜன்னலுக்கு நேர் எதிரே, 30 டிகிரி உயரத்தில். அடிவிளிம்பின் வெளிச்சம் ஜன்னல் சுவரிலிருந்து 1.73 மீட்டரில் தரையைத் தொடும். ஜன்னலில் 2.31 மீட்டர் உயரம் வரை உள்ள பகுதி தரையில் விழும், 1.31 மீட்டர் கண்ணாடி 2.27 மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு. அதற்கு மேலே மிச்சமுள்ள 69 சென்டிமீட்டர் எதிர்ச்சுவரில் ஏறி நிற்கும், கொஞ்சமும் நீளாமல். ஒரே வட்டப்பூ தரையில் நீள்வட்டமாகவும் சுவரில் வட்டமாகவும் விழுவது இதனால்தான்.

சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் எந்த நிழலின் விளிம்பும் தூரம் கூடக்கூடக் கலங்கும். ஒரு மீட்டர் பயணத்துக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கலங்கல். நம் கூடத்தில் அடிவிளிம்பின் வெளிச்சம் தரைக்கு 2 மீட்டர் பயணம் செய்கிறது. கலங்கல் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்ச்சுவரை எட்டும் வெளிச்சம் 4.6 மீட்டர் பயணம் செய்கிறது. கலங்கல் 4 சென்டிமீட்டருக்கு மேல். ஈயப்பட்டையின் அகலம் 6 மில்லிமீட்டர் என்றால், அதன் முழுக் கறுப்பு நிழல் 65 சென்டிமீட்டருக்குள்ளேயே கரைந்துவிடும். எதிர்ச்சுவருக்குப் போவதற்குள் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மங்கலாக மட்டும் மிஞ்சும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கும். ஜன்னலைத் தாங்கும் கனமான இரும்புக் கம்பிகள் மட்டும் அடையாளம் தெரியும்.

பிளெண்டரில் சூரியனுக்கு Angle என்ற ஓர் எண் உண்டு. அது 0.526 டிகிரியில் இருந்தால் இந்தக் கசிவு தானாக வரும். கோடுகள் கூர்மையாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்று நினைத்து அதைப் பூஜ்யமாக்குகிறவர்கள் உண்டு. தெளிவு கிடைக்கும், அது சினிமாக் கொட்டகைப் புரொஜக்டரின் தெளிவாக இருக்கும்.

கண்ணாடியின் குணத்தையும் கவனிக்க வேண்டும். இதற்கு பிரான்சின் தென்பகுதியில், வான்ஸ் ஊரில் உள்ள ரொசேர் சிற்றாலயத்தைவிட நல்ல பாடம் இல்லை. ஓவியர் ஆன்றி மத்தீஸ் முதுமையில், 1948 முதல் 1951 வரை உழைத்து வடிவமைத்த சிறிய கோயில். ஜன்னல்களுக்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்றே நிறங்கள்: பச்சை, நீலம், எலுமிச்சை மஞ்சள். பச்சையும் நீலமும் தெளிவான கண்ணாடி. மஞ்சள் மட்டும் மங்கலானது, பின்னால் இருப்பது தெரியாது. சுவர்களில் வெள்ளைப் பளபளப்பு ஓடுகள், அவற்றின்மேல் கறுப்புக் கோட்டுச் சித்திரங்கள்.

இந்த ஆலயத்தை ரெண்டர் செய்ய உட்காருகிறவருக்கு ஒரே தந்திரம் எல்லா ஜன்னல் துண்டுகளுக்கும் போதாது. பச்சைக்கும் நீலத்துக்கும் நிறத்தாள் கணக்கு பொருந்தும். கதிர் நேராகவே போகிறது. மங்கல் மஞ்சள் அப்படி இல்லை. வெயில் அதற்குள் புகுந்ததும் பல திசைகளில் சிதறுவதால், அது தரையில் திட்டாக விழுவதைவிட அறை முழுவதும் பரவவே பார்க்கும். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் Translucent BSDF வைத்து, கண்ணாடியே ஒரு மெல்லிய விளக்காக நடந்துகொள்ளும்படி விட வேண்டும். மூன்றுக்கும் ஒரே அமைப்பை வைத்துவிட்டால் மஞ்சளும் நீலத்தைப் போலவே விளிம்பு கட்டி விழும். மத்தீஸ் அந்த ஒரு நிறத்தை வேறு விதமாகத் தேர்ந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

ஓடுகளிலும் ஒரு நுட்பம். பளபளப்பு ஓட்டில் நிறம் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, ஓட்டின் வெள்ளை உடலில் விழும் வெயில் திட்டு. நீங்கள் எங்கே நின்றாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று, மேல்பூச்சில் தெரியும் ஜன்னலின் பிரதிபலிப்பு. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். ரெண்டரில் கேமராவை ஓரடி தள்ளி வைத்துப் பார்த்தால் எது எது என்று உடனே பிரிந்துவிடும்.

எல்லாம் முடிந்து, படத்தைத் திரைக்கேற்ற நிறங்களாக மாற்றும் கடைசிப் படியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல வெயிலில் நீலத் திட்டின் வெளிச்சம் திரை காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். Standard என்ற அமைப்பு, எல்லையைத் தாண்டிய பங்கை அப்படியே வெட்டுகிறது. நீலம் எல்லையில் நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே வந்து அதை எட்டிப் பிடிக்கும். கடல்நீலம் வெளிறிய பச்சைநீலமாகிவிடும். 2023இல் வந்த பிளெண்டர் 4.0 முதல் AgX என்பதே வழக்கமான அமைப்பு. அதில் மிகையான நிறம் வேறு நிறமாகத் திரியாமல் மெல்ல வெளுக்கும். கேமராவில் எடுத்த புகைப்படத்துக்கு அது நெருக்கமானது. நிறம் சோகையாகிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் Standardக்குத் திரும்புவதைவிட, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது நல்லது.

நிறத்தாள் தந்திரம் அறவே உதவாத ஒரு வகைக் கண்ணாடி உண்டு. வாயால் ஊதிச் செய்த, தடிமன் சீராக இல்லாத, உள்ளே குமிழ்கள் சிறைப்பட்ட பழைய கண்ணாடி. அதன் வழியே வரும் வெயில் சில இடங்களில் குவிந்து பளிச்சென்ற நரம்புகளாகவும், சில இடங்களில் விரிந்து வெளிறியும் விழும். அதை உண்மையாகவே கணக்கிட வேண்டுமென்றால் கதிர்களைச் சூரியன் பக்கமிருந்தே கிளப்ப வேண்டும். 1990களில் ஹென்ரிக் வான் யென்சன் உருவாக்கிய ஃபோட்டான் மேப்பிங் அப்படித்தான் செய்தது. இன்று லக்ஸ்கோர்ரெண்டர் போன்ற மென்பொருள்களிலும் ஒளியின் பக்கமிருந்து கதிரை அனுப்பும் வழி இருக்கிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அவசர வேலை என்றால் நரம்பு நரம்பான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நிறத்தோடு பெருக்கிச் சோதனைக் கதிருக்குக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி விழும் திட்டு என்றால் சூரியனின் கலங்கல் அந்த நரம்புகளையும் பாதி அழித்துவிடும் என்பதால், அது பெரும்பாலும் போதும். ஜன்னலை ஒட்டிய திண்ணையில் விழும் வெளிச்சத்துக்குத்தான் போதாது.