எச்சில் பட்ட கிண்ணமும் ஃபிரிட்ஜில் வைத்த டப்பாவும்

ஏழு மாதக் குழந்தைக்கு ஆறு ஸ்பூன் கேரட் மசியல் எடுத்து வைத்தால், நாலு ஸ்பூனிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மீதி கிண்ணத்தில் கிடக்கும். "சாயங்காலம் கொடுத்துக்கலாம், ஃபிரிட்ஜில் வைம்மா" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் குழந்தை உணவைப் பொறுத்தவரை, எடுத்து வைக்கவே கூடாதது அந்த மீதிதான்.

ஸ்பூன் குழந்தையின் வாய்க்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எச்சிலும் கிண்ணத்துக்கு வந்து சேர்கிறது. எச்சிலில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, வாயில் இயல்பாகவே வாழும் கிருமிகள். மற்றொன்று, மாவுச்சத்தைக் கரைக்கும் அமிலேஸ் என்ற நொதி. பிறந்தபோது மிகக் குறைவாக இருக்கும் இந்த நொதி, குழந்தை திட உணவு தொடங்கும் வயதுக்குள் நன்றாகச் சுரக்க ஆரம்பித்துவிடும். கெட்டியாக இருந்த உருளைக்கிழங்கு மசியலோ கேழ்வரகுக் கூழோ ஊட்டி முடிப்பதற்குள் கிண்ணத்தில் நீர்த்துப் போவதைப் பல தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். நொதி வேலை செய்கிறது என்பதற்கு அது கண்ணால் காணும் சாட்சி. அதே ஸ்பூன் வழியாகக் கிருமியும் வந்திருக்கிறது. அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஃபிரிட்ஜின் குளிர் கிருமியைக் கொல்லாது, அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். "நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் ஆச்சே" என்பது அடுத்த கேள்வி. கொதி பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும் என்பது சரி. ஆனால் சில கிருமிகள் பெருகும்போதே உணவில் நஞ்சைக் கக்கிவிடுகின்றன. நம் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் அப்படிப்பட்டது. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸும் அப்படித்தான். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை, சமைத்த சோறு வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகும். இவை உண்டாக்கிய நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால் குழந்தைக்குக் குழைத்த பருப்பு சாதத்தைக் காலையில் மூடி வைத்து, மதியம் சூடு பண்ணிக் கொடுப்பது பாதுகாப்பல்ல. கெட்ட வாடை வரவில்லை என்பதும் ஆதாரமாகாது. இந்த நஞ்சுகளுக்கு வாடை கிடையாது.

ஆகவே மொத்த மசியலையும் குழந்தையின் முன் கொண்டு போகாமல், சுத்தமான கரண்டியால் இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுக்க வேண்டும். போதவில்லை என்றால் வேறொரு சுத்தமான கரண்டியால் இன்னும் எடுக்கலாம். எச்சில் படாத பாத்திரம் ஃபிரிட்ஜுக்குப் போகும், கிண்ணத்தில் மிஞ்சியது குப்பைக்குப் போகும். கடையில் வாங்கும் ஜாருக்கும் இதே முறைதான். ஜாரில் நேராக ஸ்பூனை விட்டு ஊட்டிவிட்டால் முழு ஜாருமே எச்சில் கிண்ணம்தான். மீதியை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

எச்சில் படாதது எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு இது: 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கும் ஃபிரிட்ஜில், மசித்த பழமும் காய்கறியும் 2 முதல் 3 நாள். இறைச்சி, முட்டை மசியல் 1 நாள் மட்டும். இறைச்சியும் காயும் கலந்தது 1 முதல் 2 நாள். திறந்த ஜாருக்கும் இதே அளவுதான். ஜாரின் லேபிளில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் லேபிளையே நம்புங்கள். வீட்டில் செய்யும் எதற்கும் பொதுவாக 1 முதல் 2 நாள் என்கிறது அதே பட்டியல். நம் ஊர் ஃபிரிட்ஜின் கதவு நாளெல்லாம் திறந்து மூடப்படுகிறது, மின்சாரமும் போய் வருகிறது. அதனால் காயானாலும் பழமானாலும் இரண்டே நாள் என்று வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. மின்சாரம் நின்றால், கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் குளிரைக் காக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு சனிக்கிழமைச் சமையலை வைத்துக் கணக்குப் போடுவோம். காலை 10 மணிக்குக் கால் கிலோ கேரட்டை ஆவியில் வேக வைத்து அரைத்தால் சுமார் 16 மேசைக்கரண்டி மசியல் கிடைக்கும். குழந்தை ஒரு நாளைக்கு 3 மேசைக்கரண்டி சாப்பிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு 6 போதும். மீதி 10 மேசைக்கரண்டியை அன்றைக்கே ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, தீரவில்லையே என்று பிறகு உறைய வைப்பது பயனில்லை. அதற்குள் தவணை முடிந்துவிடும். சுத்தமான ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி மூடி வைத்து, உறைந்ததும் கட்டிகளை மூடிய டப்பாவுக்கு மாற்றித் தேதி எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் வீட்டு மசியல் 1 முதல் 2 மாதம் இருக்கும். ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜின் சிறு பெட்டி அந்தக் குளிரை எட்டுவது கடினம் என்பதால், அங்கே வைத்தவற்றை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

அரைத்த மசியலைச் சூடு ஆறட்டும் என்று மேடையில் மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சமைத்தது வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சித்திரை வெயிலில் நம் சமையலறைகள் அதைச் சுலபமாகத் தாண்டும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, தட்டைக் குளிர்ந்த நீரில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். உறைந்த கட்டியையும் மேடையில் வைத்து இளக விடாதீர்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுக்க வேண்டிய அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி, நன்றாகக் கலக்கி, கைபொறுக்கும் சூட்டில் ஊட்டுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது.

கீரைக்கு மட்டும் தனி விதி. கீரையில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம். சமைத்த கீரையைச் சரியாகப் பாதுகாக்காமல் வைத்திருந்தால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். பச்சிளம் வயதில் அதன் பாதிப்பு கூடுதல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை எச்சரித்தது. கீரை மசியலைச் சமைத்தவுடன் கொடுத்துவிடுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

ஜார் வாங்கும்போது மூடியின் நடுவைப் பாருங்கள். அது உள்வாங்கி இருக்க வேண்டும். முதன்முறை திறக்கும்போது 'டப்' என்ற சத்தம் கேட்க வேண்டும். நடுப்பகுதி மேலெழும்பி இருந்தாலோ, சத்தமே இல்லாமல் திறந்தாலோ காற்று முன்பே உள்ளே போயிருக்கிறது. தேதி முடியாததாக இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள்.

குழந்தையைப் பகலில் பாட்டியோ ஆயாவோ பார்த்துக்கொண்டால் இவற்றை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். டப்பாவின் மேல் நாளோடு மணியையும் எழுதி வையுங்கள். எடுத்து வைத்த உணவைச் சாப்பிட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வயிற்றுப்போக்கோடு சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள், என்ன கொடுத்தீர்கள், அது எப்போது சமைத்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.