தொகை எழுதாத கடிதம்

பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வந்த கடிதம் அது. “மேன்மைதங்கிய ஐயா அவர்களுக்கு, தங்கள் நிறுவனத்தின் மேலான நல்லாதரவை நாடி...” என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் ஓடியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓட்டம் நடத்துகிறாராம். உடல்நலம் எவ்வளவு முக்கியம், செல்போன் பிள்ளைகளை எப்படிக் கெடுக்கிறது, எல்லாம் எழுதியிருந்தார். எத்தனை ரூபாய் வேண்டும் என்பது மட்டும் இல்லை. தேதியைத் தேடினேன். கடைசி வரியில் இருந்தது. இன்னும் ஒன்பதே நாள்.

அப்போது நான் ஒரு சமையல் எண்ணெய் நிறுவனத்தின் கோவை அலுவலகத்தில் விளம்பரச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பான்சர் கேட்டு வாரம் ஏழெட்டுக் கடிதம் வரும். கபடி, கும்மி, கோலப்போட்டி, புத்தகக் கடையின் ஆண்டு விழா என்று எதற்கும் குறைவில்லை. பெரும்பாலான கடிதங்கள் கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்கிற தொனியில் இருக்கும். அங்கேதான் பிசகு. நன்கொடை வேறு, ஸ்பான்சர் வேறு. ஸ்பான்சர் பணம் என்பது விளம்பரம் வாங்கக் கொடுக்கிற பணம். ஆகவே அந்தக் கடிதத்துக்குள் ஒரு விலைப்பட்டியல் இருக்க வேண்டும். டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிறவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்!

சைக்கிள் கடைக்காரரின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: “தங்கள் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து உதவி, டி-ஷர்ட்டில் தங்கள் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.” இந்த ஒரு வாக்கியம் போதும், கடிதம் அப்படியே நின்றுவிடும். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ முந்தைய நிதியாண்டில் உள்ள நிறுவனம், தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அதுதான் சி.எஸ்.ஆர். ஆனால் தன் பொருளுக்கு விளம்பரம் தேடி ஸ்பான்சர் செய்கிற செலவை அந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. 2021 ஜனவரியில் திருத்திய விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கிற அமைப்பும் அறக்கட்டளை, சங்கம் போல முறையாகப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தனி ஆள் பெயரில் உள்ள கடை அதில் வராது. சி.எஸ்.ஆர். என்று எழுதினால் கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு கோப்பில் உறங்கும். கடை கேட்க வேண்டியது விளம்பரப் பணம். அது உள்ளூர் மேலாளர் மேசையிலேயே இருக்கிறது.

அவரைப் போனில் கூப்பிட்டேன். “இந்த வருஷம் முடியாதுங்ணா. அடுத்த வருஷம் மூணு மாசம் முன்னாடியே அனுப்புங்க. எவ்வளவு வேணும், அதுக்கு என்ன தருவீங்கன்னு எழுதுங்க” என்றேன். “தொகையைக் கேட்டா மரியாதையா இருக்காதேன்னுதானுங்க விட்டேன்” என்றார். கூச்சம் அவருடையது. ஆனால் தொகையில்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடமும் ஒப்புதல் கேட்க முடியாது. என் கையெழுத்துக்கு அப்போது 50,000 ரூபாய் வரம்பு. அதற்குள் இருந்தால் அன்றைக்கே முடிவு சொல்லலாம். ஒரு ரூபாய் கூடினாலும் மேலே போக வேண்டும். இதெல்லாம் வெளியே இருப்பவருக்குத் தெரியாதுதான். ஆனால் போன் பண்ணிக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் சொல்லிவிடுவார்கள்.

மறு வருடம் வந்த கடிதம் ஒரே பக்கம். முதல் வரியிலேயே சங்கதி இருந்தது: இன்ன ஞாயிற்றுக்கிழமை, 300 பிள்ளைகள், 8 கிலோமீட்டர், பிரதான ஸ்பான்சராக உங்களிடம் 50,000 ரூபாய் கேட்கிறோம். அடுத்த பத்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. “பிள்ளைகள் ஓட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பெற்றோர் மைதானத்தில் காத்திருப்பார்கள். போன வருடம் எண்ணிப் பார்த்தோம், சுமார் 400 பேர். அவர்கள் நிற்கும் நிழல் பந்தலுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு ஸ்டால்.”

எண்ணெய் விற்கிறவனுக்கு சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையால் என்ன லாபம்? வீட்டுக்கு என்ன எண்ணெய் வாங்குவது என்று முடிவெடுக்கிறவர் அந்தப் பந்தலில் வேலையில்லாமல் நிற்கிறார். அவர் கையில் சுடச்சுட ஒரு பஜ்ஜியைக் கொடுக்கலாம். இதை அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார். இதே கடிதத்தை வங்கிக்கு எழுதினால் அந்தப் பத்தியை மாற்ற வேண்டும். பத்து நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். சில சமயம் போட்டி நிறுவனத்தின் பெயர் உள்ளே அப்படியே கிடக்கும்.

கணக்கும் இருந்தது. டி-ஷர்ட் 54,000, மெடல் 18,000, வாழைப்பழம் தண்ணீரோடு காலைச் சாப்பாடு 15,000, பந்தல் மைக் 12,000, நம்பர் அட்டையும் சான்றிதழும் 9,000, ஆம்புலன்ஸ் 6,000, சில்லறைச் செலவு 6,000. மொத்தம் 1,20,000. பிள்ளைக்கு 150 ரூபாய் வீதம் நுழைவுக் கட்டணம் 45,000 வரும். மீதி 75,000. அதில் 50,000 எங்களிடம். 25,000-ஐ உள்ளூர்க் கடைகள் இரண்டு பிரித்துக்கொள்ளும். வேறு எண்ணெய், மசாலா விளம்பரம் எதுவும் இருக்காது என்றும் ஒரு வரி. என்னைப் பொறுத்தவரை, ஆம்புலன்ஸுக்குப் பணம் ஒதுக்கியிருந்ததே பாதி நம்பிக்கையைத் தந்தது. பிள்ளை ஒன்று விழுந்து அடிபட்டால், மறுநாள் படத்தில் வரப்போவது டி-ஷர்ட்டில் இருக்கும் எங்கள் பெயர்.

ஒரு வாக்குறுதியை மட்டும் அடிக்கச் சொன்னேன். கலந்துகொள்ளும் பிள்ளைகளின் வீட்டு போன் நம்பர்களை எங்களுக்குத் தருவதாக எழுதியிருந்தார். அவர்கள் சைக்கிள் ஓட்டத்தான் நம்பர் கொடுத்தார்கள், எண்ணெய் விளம்பரத்துக்கு அல்ல.

பணம் கைக்கு வரும் வழியில்தான் சின்னக் கடைகள் தடுமாறும். ‘சரி’ என்று சொன்ன மறுநாள் பணம் வராது. முதலில் கடையை நிறுவனத்தின் பட்டியலில் ஏற்ற வேண்டும். பான் கார்டு, ரத்து செய்த காசோலை, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் நகல் எல்லாம் வேண்டும். இதற்கே எங்களிடம் மூன்று வாரம் ஆகும். ஸ்பான்சர் தொகையை விளம்பர ஒப்பந்தமாகக் கருதி, தனிநபர் கடையானால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். 50,000-க்கு 500 போக 49,500 வரும். அந்த 500-ஐ வருமான வரிக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். பான் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். இன்னொன்று, தனி உரிமையாளர் கடையிடமிருந்து ஒரு கம்பெனி ஸ்பான்சர்ஷிப் வாங்கினால், அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியை அந்தக் கம்பெனியே அரசுக்குக் கட்ட வேண்டும். கடைக்காரர் பில்லில் 9,000 ரூபாயைச் சேர்த்து எழுதினால் எங்கள் கணக்குப்பிரிவு திருப்பி அனுப்பிவிடும், பணம் இன்னும் தள்ளிப்போகும். மெடல் செய்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். அதனால் பாதித் தொகை முன்பணமாக வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டிருந்தார். கொடுத்தோம்.

ஓட்டம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளே ஆறு படங்கள், பந்தலில் எங்கள் ஸ்டால் தெரிகிற மாதிரி இரண்டு. கூடவே நாலு வரி: “300 என்று சொல்லியிருந்தோம், 271 பேர்தான் வந்தார்கள். பக்கத்துப் பள்ளியில் அன்றைக்குத் தேர்வு.” மீந்துபோன 29 டி-ஷர்ட்டையும் ஒரு பையில் போட்டு பஸ் பார்சலில் ஏற்றிவிட்டிருந்தார். எல்லாம் பிள்ளைகள் அளவு. அலுவலகத்தில் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப்போனோம்.