கையிருப்பில் எத்தனை காணொலி?

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வாரங்களில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதியின் சமையல் காணொலிகள் இன வேறுபாடில்லாமல் எல்லார் கைப்பேசியிலும் ஓடின. வீட்டுச் சமையலை மலாய் மொழியில் பேசிக்கொண்டே செய்து காட்டினார்கள். ஜூன் 5 அன்று பொருளாதார மீட்சித் திட்டத்தை அறிவித்த அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின், தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார்.

சமையல் சேனலுக்கு ஒரு வசதி உண்டு. படப்பிடிப்புத் தளம் அடுப்படிதான். இன்று சமைத்ததை இந்த வாரமே போட்டுவிடலாம். இதே சுங்கை சிப்புட்டிலிருந்து வேறொரு தொடரை எடுக்கப் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. பழைய ரப்பர் தோட்டங்களின் கதை என்று வைத்துக்கொள்வோம். லயங்கள் இடிந்துவிட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிதறிக் கிடக்கிறார்கள். நினைத்த வாரம் நினைத்ததைப் படமாக்க முடியாது. கிடைக்கும்போது மொத்தமாக எடுத்துவைத்து, வாராவாரம் ஒன்றாக வெளியிட வேண்டும்.

ஈப்போவில் வேலைக்குப் போகும் இருவர் இந்தத் தொடரைத் தொடங்குவதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு நாளாகக் கைவசம் இருப்பது சனி, ஞாயிறு மட்டும். ஓர் அத்தியாயம் 12 நிமிடம். வெளியீடு வெள்ளி இரவு 8 மணிக்கு. ஒரு வார இறுதியில் ஓடியாடி எடுத்தால் நான்கு அத்தியாயங்களுக்கான காட்சிகள் தேறும். மாதத்துக்கு நான்கு வெள்ளி, ஒரே படப்பிடிப்பு. எழுதிப் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கிறது.

ஆனால், எடிட்டிங் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு பாட்டி இரண்டு மணி நேரம் பேசியதைக் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று குறித்து, வெட்டி, பழைய புகைப்படங்களைச் சேர்த்து, மலாய் வசனவரி போட ஒரு முழு வார இறுதி வேண்டும். படம் எடுக்கப் போகும் வாரத்தில் எடிட்டிங் நடக்காது. ஆக, மாதத்துக்கு மூன்று அத்தியாயங்கள்தான் தயாராகும். வெளியே போவதோ நான்கு.

டிசம்பர் தொடக்கத்தில் படமெடுத்து, அடுத்த நான்கு வார இறுதிகளில் நான்கையும் முடித்துவிட்டு, ஜனவரியில் முதல் காணொலியை ஏற்றுகிறார்கள். கையிருப்பு நான்கு. ஜனவரி முடிவில் அது மூன்றாகும். பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் ஒன்று, ஏப்ரல் முடிவில் சுழியம். மே மாதம்தான் முதல் வெள்ளி தவறும். அதுவரை யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. சந்தாதாரர்களுக்கு மட்டுமல்ல, எடுப்பவர்களுக்கும்தான். ஏனென்றால் எடுத்த காட்சிகள் மாதாமாதம் ஓர் அத்தியாயம் அளவுக்குத் தேங்கிக்கொண்டே போகும். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருப்பதைப் பார்த்துக் கையில் சரக்கு இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். எடுத்தது வேறு, முடித்தது வேறு. நாட்காட்டியில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு ஒவ்வொரு ஞாயிறும் எண்ணினால், ஜனவரி கடைசியிலேயே ஒன்று ஏறுவதும் மற்றது இறங்குவதும் கண்ணில் பட்டுவிடும்.

இதற்கு வழி, நான்காவது வெள்ளியை வேறு மாதிரியாக வைத்துக்கொள்வது. மூன்று வாரம் வேலைப்பாடுள்ள அத்தியாயங்கள். நான்காம் வாரம் ஒரே ஒருவரின் பேட்டி, அதிகம் வெட்டாமல். பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டதை ஒரு முன்னாள் கங்காணி சொல்ல, கேமரா அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும். வார நாளில் ஓர் இரவு உட்கார்ந்தால் முடிந்துவிடும். கையிருப்பும் நான்கிலேயே நிற்கும். சொல்லப்போனால், இசையும் வரைபடமும் சேர்த்த அத்தியாயங்களைவிட இப்படிப்பட்ட பேட்டியே சில நேரம் நன்றாக அமைந்துவிடுகிறது. அப்படியும் கையிருப்பு இரண்டுக்குக் கீழே போனால் அந்த மாதப் படப்பிடிப்பைத் தள்ளிவைத்து எடிட்டிங்கில் உட்கார வேண்டியதுதான்.

மொத்தமாக எடுப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. தொகுப்பாளர் ஒரே சட்டையில் நான்கு வாரம் வருவது சின்ன விஷயம். இரண்டு சட்டை மாற்றினால் தீர்ந்தது. 'போன வாரம் சொன்னோமே' என்று பேசிவிட்டால்தான் வினை. பிறகு அத்தியாயங்களின் வரிசையை மாற்ற முடியாது. நான்காவதைப் பேசும்போது குரலும் களைத்துவிடும். அதனால் கேமரா முன் பேசவேண்டியதைக் காலையிலும், மரத்தையும் கட்டடத்தையும் எடுப்பதை மாலையிலும் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே, எப்போது எடுப்பது? மொத்தப் படப்பிடிப்புக்கு மிகத் தோதான நாள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் அன்று திரும்பி வருவார்கள். ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியவர்கள் ஒரே பந்தலில் கிடைப்பார்கள். ஆனால் ஒலிபெருக்கியும் மேளமும் பேட்டியைக் கெடுத்துவிடும். திருவிழாவன்று ஊர்வலத்தையும் முகங்களையும் எடுத்துக்கொண்டு, பேட்டிகளை மறுநாள் காலைக்கு வைக்க வேண்டும்.

அடுத்து தேதி. ஜூன் 16 சுங்கை சிப்புட்டுக்கு இருமடங்கு கனமான நாள். 1919-இல் அன்றுதான் துன் வீ. தி. சம்பந்தன் அந்த ஊரில் பிறந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1948-இல் அதே தேதியில் ஊரை அடுத்த எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. இந்த நாளைப் பற்றிய அத்தியாயம் ஜூலையில் வந்தால் பழைய செய்தி. ஜூன் 16 வெள்ளியில் விழாவிட்டால் அதற்கு முந்திய வெள்ளிக்கு வரவேண்டும். நாளைப் பின்னோக்கி எண்ணினால், எடிட்டிங் மே கடைசிக்குள் முடிய வேண்டும். படப்பிடிப்பு மே தொடக்கத்தைத் தாண்டக்கூடாது.

இங்கேதான் பேராக் வானம் குறுக்கே வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மாலைதோறும் இடிமழை. அக்டோபர், நவம்பரில் அதைவிட மோசம். சரி, மழை குறைந்த பிப்ரவரியில் எடுத்துவிடலாம் என்றால், அப்போது பால்மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். பாலும் குறைந்துவிடும். மரம் வெட்டுவதே விடியற்காலை வேலை. வெயில் ஏற ஏற மங்கில் சொட்டுவது குறையும். பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. இலையும் பாலும் காய்ந்த வானமும் ஒருசேரக் கிடைப்பது பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான். அதாவது, அத்தியாயம் வெளியாகிற அதே நேரத்தில்.

எனவே மரம் வெட்டும் காட்சிகளுக்கு நாட்காட்டியை ஓர் ஆண்டு முன்னே இழுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஜூனில், இன்னும் ரப்பர் நிற்கும் ஏதாவது சிறுதோட்டத்தில், விடியற்காலை இரண்டு மணி நேரம். கத்தி பட்டையில் இறங்குவது, பால் கோடாக வழிவது, மங்கு நிறைவது, ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது. யாரும் பேச வேண்டாம். எந்த அத்தியாயத்துக்கும் பொருந்தும்படி ஒரு மணி நேரக் காட்சி சேர்ந்தால், அதற்கு 'ரப்பர்_பொது' என்று பெயரிட்டுத் தனியே வைத்துக்கொள்ளலாம். 1877-இல் கோலக்கங்சாரில் நட்ட கன்றுகளைப் பற்றிய அத்தியாயத்துக்கும் சம்பந்தன் அத்தியாயத்துக்கும் அந்த ஒரே காலை போதும்.

(தொடரும்)