மைதானத்தில் மூன்று நிமிடம்

பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழில் 'சிறப்பு விருந்தினர் அறிமுகம்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில்தான் அது விடியும். எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் நாள் மாலை விருந்தினரின் தன்விவரக் குறிப்பு என்று இரண்டு பக்கம் கொடுத்தார்கள். படித்த பட்டங்கள், வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள். மறுநாள் காலை ஒன்பதரை மணி வெயிலில் ஒரு வரி விடாமல் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தபோது, அணிவகுப்புக்கு விறைப்பாக நின்றிருந்த பிள்ளைகளில் ஒரு சிறுமி அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அசையாமல் விறைத்து நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்கும். மூளைக்குப் போவது குறையும். வெயிலும் சேர்ந்தால் கண் இருட்டிவிடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் சிறுமி கண் திறந்தாள். அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: திறந்த மைதானத்தில் அறிமுக உரையின் நீளத்தை முடிவு செய்வது விருந்தினரின் பெருமை அல்ல, நிற்கும் பிள்ளைகளின் கால்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகும் என்றால் முதலில் அவர்களை உட்கார வைத்துவிட வேண்டும். முடியாவிட்டால், முழங்காலைத் தளர்த்தி, ஷூவுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே நிற்கச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

அடுத்தது ஒலி. அரங்கத்துக்குள் பேசிப் பழகியவர்கள் மைதானத்தில் தடுமாறுவது இங்கேதான். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால், இரண்டுக்கும் நடுவே நூறு மீட்டர் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு மற்றதன் ஒலி ஏறக்குறைய 0.3 நொடி பிந்தி வந்து சேரும். முதல் 'வணக்கம்' முடிவதற்குள் இரண்டாவது 'வணக்கம்' அதன்மேல் ஏறிக்கொள்ளும். அதனால்தான் கடைசி வரிசைப் பெற்றோர், "என்னங்க சொல்றாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள்.

ஒலிபெருக்கிகளை மேடைப் பக்கமே வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பச் சொன்னால் இந்தச் சிக்கல் பாதி தீரும். மைக் பிடிப்பவர் அவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் போனால் 'கீச்' என்று அலறும். மீதிப் பாதி பேசுகிறவர் கையில் இருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மூச்சு இடைவெளி. நிமிடத்துக்கு எண்பது சொல்லைத் தாண்டாமல் பேசினால் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும். ஆக, மூன்று நிமிடத்துக்கு 240 சொல். விழாவையும் விருந்தினரையும் அதற்குள்தான் அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

முதல் ஒரு நிமிடம் விழாவுக்கு. எதிரே இருப்பது ஒரு கூட்டம் அல்ல, மூன்று. பிள்ளைகளுக்கு முதல் போட்டி என்ன, எந்த நிறக் குழு கடந்த ஆண்டு கோப்பை வாங்கியது, முதல் மூன்று இடங்களுக்கு எத்தனை புள்ளி என்பது தெரிந்தால் போதும். பந்தலுக்குள் இருக்கும் பெற்றோருக்குத் தண்ணீர் எங்கே, பிள்ளையை எத்தனை மணிக்கு எந்த வாசலில் அழைத்துப் போகலாம் என்று சொல்ல வேண்டும். படம் எடுக்கிறேன் என்று ஓடுதடத்துக்குள் இறங்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், நூறு மீட்டர் ஓட்டம் முடியும் கோட்டில் அப்பாக்கள் கைபேசியோடு நிற்பார்கள். விசிலும் நிறுத்துக் கடிகாரமுமாக ஆங்காங்கே நிற்கும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: எது முடிந்ததும் தங்கள் இடத்துக்குப் போக வேண்டும் என்பது.

மீதி இரண்டு நிமிடம் விருந்தினருக்கு. அது அணிவகுப்புக்கு முன்பே வந்துவிட வேண்டும். பல பள்ளிகளில் பரிசளிப்புக்குச் சற்று முன்னால் வைக்கிறார்கள். யாருக்கு வணக்கம் செலுத்துகிறோம் என்றே தெரியாமல் பிள்ளைகள் மேடையைக் கடந்து போகிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, மாரியப்பன் தங்கவேலு விருந்தினராக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் என்ன இருக்கும்? பத்மஸ்ரீ, கேல் ரத்னா, மூன்று பாராலிம்பிக் பதக்கங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதே குறிப்பில் ஒரு மூலையில், 2016 ரியோவில் உயரம் தாண்டியது 1.89 மீட்டர் என்று இருக்கும். நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு மூங்கில் கழியில் அளவு நாடா வைத்து 1.89 மீட்டரில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். ஆறடி இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பத்தாம் வகுப்பில் இருக்கும் உயரமான மாணவன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கட்டும். ரிப்பன் அவன் தலைக்கு மேலே இருக்கும். இனி மைக்கில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்:

"அந்தச் சிவப்பு ரிப்பனைப் பாருங்கள். சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவர் அந்த உயரத்தைத் தாண்டினார். பெரியவடகம்பட்டி அவருடைய ஊர். ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில், பேருந்து ஏறி அவர் வலது கால் சிதைந்தது. அந்தக் காலோடுதான் தாண்டினார். ரியோவில் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. பாரிஸில் வெண்கலம். அவரை உயரம் தாண்ட வைத்தவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இன்று நம் வணக்கத்தை ஏற்க வந்திருக்கிறார், மாரியப்பன் தங்கவேலு!"

பெயர் கடைசிச் சொல்லாக இருப்பது தற்செயல் அல்ல. பெயர் காதில் விழுந்த நொடியில் கைதட்டல் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் யாருக்கும் கேட்காது. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டு விவரத்துக்குப் போனால், ஒலிபெருக்கியும் கைதட்டலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

கால் பற்றிய செய்தி ஒரே வாக்கியத்தில் முடிந்து, பேச்சு உடனே உயரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே நின்று 'பாவம்' என்ற தொனியில் இழுத்தால், மேடையில் உட்கார்ந்திருப்பவர் தலை குனிய வேண்டிவரும். அந்த ஒரு வாக்கியத்தைக்கூட அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது. முதல் நாளே தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டுவிட்டால் நல்லது: "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? பள்ளி நாளில் மைதானத்தில் என்ன செய்தீர்கள்? எதைச் சொல்ல வேண்டாம்?" மாவட்ட அதிகாரியோ ஊர்ப் பெரியவரோ விருந்தினரானாலும் இதே மூன்றுதான். பள்ளி ரிலேவில் குச்சியைத் தவறவிட்டேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அந்த ரிலே குச்சிதான் அன்றைய ரிப்பன்.

உரை முடிந்ததும் கழியை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். உயரம் தாண்டும் மணல்குழிக்குப் பக்கத்தில் ஊன்றி வையுங்கள். இடைவேளையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அதன் கீழே நிற்பார்கள், உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அளந்து பார்ப்பார்கள். ரிப்பனை எட்டிப் பிடிக்கக் குதிப்பார்கள். கையில் அகப்பட்டதும், கையால் எட்டியதை ஒருவர் உடம்போடு தாண்டினாரா என்று மேடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.