கணினியில் எழுத்துத் தேர்வு: எண்ணிக்கையும் கடைசி ஏழு நிமிடமும்

ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வுக்கு 60 நிமிடம். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்குக் குறைந்தது 250. மதிப்பெண்ணில் இரண்டாவது கேள்விக்கு இரு மடங்கு எடை உண்டு. கணினியில் எழுதுவோருக்கு மீதி நேரமும், தட்டத் தட்ட ஏறும் சொல் எண்ணிக்கையும் திரையிலேயே தெரியும். ஆனால் தப்பான எழுத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வசதி அங்கே கிடையாது. பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், பயிற்சி செய்யும் மென்பொருளில் எழுத்துப்பிழை காட்டுவதையும் தானே திருத்துவதையும் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியில் எழுதிப் பழகியவர்களுக்கு இது மிகவும் அவசியம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதையும், தனியாக நிற்கும் `i`-யை `I` ஆக்குவதையும் இத்தனை நாள் கருவியே செய்துவந்தது. தேர்வில் அதை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். முடிந்தால் மேசைக் கணினியின் விசைப்பலகையிலேயே பழகுங்கள். மடிக்கணினியின் தட்டையான விசைக்கும் அதற்கும் அழுத்தத்திலேயே வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது வேகம். பலரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை. நிமிடத்துக்கு 20 சொற்கள் தட்டுபவருக்கு 280 சொல் கட்டுரையைத் தட்ட 14 நிமிடம் போதும். இரண்டாவது கேள்விக்கு ஒதுக்கச் சொல்லும் நேரமோ 40 நிமிடம். நேரத்தைத் தின்பது வேகக் குறைவு அல்ல, விசைக்கும் திரைக்கும் இடையே அலையும் கண். F, J விசைகளில் தட்டுப்படும் சிறு மேடுகளில் இரு சுட்டுவிரல்களையும் வைத்து, திரையைப் பார்த்தே தட்டப் பழகினால் தப்பு விழும்போதே தெரிந்துவிடும். டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கும்.

இனி எண்ணிக்கை. திரையில் தெரியும் எண், இடைவெளியை வைத்துப் போடும் கணக்கு. காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாவிட்டால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வியில் உள்ள வரியை அப்படியே எழுதினால் திரையில் எண் ஏறும். தேர்வாளரோ அந்தச் சொற்களைக் கழித்துவிடுவார். ஆகவே 250ஐத் தொட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். இரண்டாவதற்கு 270 முதல் 290, முதலாவதற்கு 170 அளவு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதற்கு மேல் நீட்டுவதால் பயன் குறைவு, திருத்தும் நேரம்தான் கரையும். ஒவ்வொரு வரிக்கும் எண்ணைப் பார்க்காமல், ஒரு பத்தி முடிந்ததும் ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டாவது கேள்வியின் 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: திட்டமிட 5, எழுத 28, திருத்த 7. மீதி நேரம் 7 என்று காட்டும்போது முடிவுரை பாதியில் நின்றால், ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். அதன்பின் புதுக் கருத்து எதையும் சேர்க்கக் கூடாது. பத்தியை வெட்டி இடம் மாற்றும் வேலையும் வேண்டாம். அந்த அவசரத்தில் வெட்டிய துண்டு ஒட்டப்படாமலே போவது உண்டு. அப்படி நடந்தால் உடனே `Ctrl+Z` அழுத்துங்கள்.

திருத்தும்போது எல்லாத் தப்பையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் பாதி நழுவும். முதல் வாசிப்பில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள், எழுவாயோடு ஒத்துப்போகிறதா என்று. இரண்டாவதில் எழுத்துப்பிழை, பெரிய எழுத்து, இடைவெளி. ஒரு மாதிரி:

```
Many goverment offices now accepts forms
online,so people saves time. its cheaper too.
```

இடைவெளிக் கணக்குப்படி இதில் 13 சொற்கள். முதல் வாசிப்பில் `accepts`, `saves` இரண்டும் சிக்கும். எழுவாய் பன்மை என்பதால் இரண்டிலும் `s` போக வேண்டும். இரண்டாவதில் `goverment`-இல் விட்டுப்போன `n`, காற்புள்ளிக்குப் பின் இல்லாத இடைவெளி, `It is` என்று இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எழுத்தில் தொடங்கும் `its` ஆகியவை சிக்கும்.

```
Many government offices now accept forms
online, so people save time. It is cheaper too.
```

இப்போது 15 சொற்கள். புதிதாக ஒரு கருத்தும் சேரவில்லை; ஐந்து இடங்களில் இருந்த தப்பு போய்விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை இது.

உங்களுக்கு அடிக்கடி வரும் தப்புகள் எவை என்பது பயிற்சித் தாள்களிலேயே தெரிந்துவிடும். மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போங்கள். எடை அதிகம் என்பதால் இரண்டாவது கட்டுரையை முதலில் திருத்துங்கள், நேரம் மிஞ்சினால் முதலாவதற்குத் திரும்புங்கள். கடைசி அரை நிமிடத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தொடும் வாக்கியம் பாதியில் நின்றால் அதைச் சரிசெய்ய வழியில்லை.