மன்னிப்பு ஒன்று போதும்

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும். நீங்கள் பிஸியாக இருப்பீர்கள் என்று தெரியும். விற்பனை அறிக்கை கொஞ்சம் தாமதமாகலாம் என்று நினைக்கிறேன். சிரமம் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை வரை நேரம் கிடைக்குமா? மீண்டும் மன்னிக்கவும்."

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பலநேரம் இப்படித்தான் இருக்கிறது. பணிவு நிறைய இருக்கிறது, தகவல்தான் இல்லை. தாமதம் உறுதியா, ஏன் தாமதம், எவ்வளவு முடிந்திருக்கிறது? இதையெல்லாம் மேலாளர் திரும்பக் கேட்க வேண்டும்.

அதையே இப்படி எழுதலாம்:

"சார், புதன்கிழமை தரவேண்டிய விற்பனை அறிக்கையை வெள்ளி மாலை 4 மணிக்குத் தர அனுமதி வேண்டும். 3 கிளைகளின் கணக்கு தயார். மதுரைக் கிளையின் கணக்கு வியாழக்கிழமை வரும் என்கிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை. புதன்கிழமையே வேண்டுமென்றால் அந்த மூன்றை மட்டும் அனுப்புகிறேன். எது வசதி என்று இன்று சொல்ல முடியுமா? தாமதத்துக்கு மன்னிக்கவும்."

கேள்வி கேட்டதற்கான மன்னிப்பு போய்விட்டது, உண்மையான தாமதத்துக்கு ஒன்று மட்டும் நிற்கிறது. 'சார்', 'முடியுமா' இரண்டும் மரியாதை, அவை இருக்கட்டும். 'இன்னும் உறுதியாகவில்லை' என்பதும் தயக்கம் அல்ல, மேலாளருக்குத் தேவையான தகவல். அதை நீக்கினால் பொய்யான வாக்குறுதியாகிவிடும்.

அனுப்பும் முன் சந்தேகமான சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். தகவலும் மரியாதையும் குறையவில்லை என்றால், அந்தச் சொல் வேண்டாம்.