டிசம்பர்ல டைரியைக் கேட்க மூணு கேள்வி

‘அடுத்த வருஷம் ஒரு அரியர்கூட வைக்க மாட்டேன்’னு எழுதுறதுக்கு முன்னாடி, இந்த வருஷ டைரியை ஒரு தடவை திறந்து பாருங்க. இலக்கை எட்டினியான்னு கேட்டா ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில்தான். என்ன மாறிச்சுன்னு கேட்டாதான் டைரி பேசும்.

நம்ம புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேக்ஸ் கவர்னரா இருந்தப்போ அவரோட துபாஷி. கப்பல், வியாபாரம், யார் என்ன சொன்னாங்க எல்லாம் அதுல இருக்கு. அன்னன்னைக்கு எழுதினதுக்கு ஒரு பலம் உண்டு: நாளைக்கு நடக்கப் போறது அதுக்குத் தெரியாது. நம்ம ஞாபகம் அப்படி இல்ல, முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு கதையை மாத்திடும்.

அதனால முதல் வேலை, டைரியைத் திறக்காம, இந்த வருஷத்தோட அஞ்சு முக்கியமான விஷயங்களைத் தனித்தாள்ல எழுதுறது. நான் எழுதினப்போ நாலு, அக்டோபருக்கு அப்புறம் நடந்தது. அப்புறம் டைரியை முழுசா வாசிச்சு மூணு கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி: அப்போ பெரிசா இருந்து இப்போ ஒண்ணுமில்லாம போனது எது? பிப்ரவரியில இன்டர்னல் மார்க் பத்தி நாலு பக்கம் புலம்பியிருக்கேன். எந்த சப்ஜெக்ட்னே இப்போ ஞாபகம் இல்ல.

ரெண்டாவது: யார் பேரு நின்னுபோச்சு? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் வீராம்பட்டினத்துல அப்பாவோட உட்கார்ந்து வலை சரிபண்ணினது வாரா வாரம் வருது. நான் ஹாஸ்டலுக்கு வந்த பிறகு அப்பா ரெண்டே தடவை வர்றார், ரெண்டும் பணம் கேட்டது. சண்டை ஒண்ணும் இல்ல. சும்மா நின்னுபோச்சு.

மூணாவது: எந்த வரி இப்போ வேற மாதிரி புரியுது? மே மாசம், ‘இந்த வருஷத்தோட போதும்பான்னு அப்பா மறுபடி சலிச்சுக்கிட்டார்’னு எழுதியிருக்கேன். நவம்பர்ல போட்ல இருந்த பங்கை வித்துட்டார். அது சலிப்பு இல்ல, எங்கிட்ட சொல்லிப் பார்த்திருக்கார்.

ஒரு எச்சரிக்கை. கோபம் வந்த நாள்லதான் நாம அதிகம் எழுதுறோம். செங்கழுநீர் அம்மன் தேர் அன்னைக்கு என் டைரி காலி, எழுத நேரமே இல்ல, அவ்வளவு சந்தோஷம். அதனால எழுதின நாட்களை மாசவாரியா எண்ணிப் பாருங்க. குறைவா இருக்கிற மாசத்துக்கு போன் கேலரியைத் திறந்து, விட்டுப்போனதை ரெண்டு வரியில சேர்த்துடுங்க. இல்லைன்னா வருஷமே மோசம்னு தப்பா முடிவு பண்ணிடுவோம்.

அடுத்த வருஷத்துக்கு நான் தீர்மானம் ஒண்ணும் எழுதல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனேன். பங்கை வித்ததைப் பத்தி அப்பாகிட்ட முதல் தடவையா கேட்டேன்.